தோல் கருகியும் நடு வேகவில்லையா? சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சுடும் முறை

தோட்டத்து லயங்களில் விறகடுப்பு எரிந்த காலத்தில் கிழங்கு சுடுவதற்கென்று யாரும் தனியாக நெருப்பு மூட்டவில்லை. இரவுச் சமையல் முடிந்து பால்மரக் கட்டைகள் தணலாக விழுந்த பிறகு, சாம்பலைக் கிளறி இரண்டு மூன்று சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் புதைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். விடியற்காலையில் வெளிக்காட்டுக்குப் போகும்முன் எடுத்துத் தட்டினால் தோல் கையோடு வந்துவிடும். உள்ளே கிழங்கு தேன்போல இருக்கும்.

இன்று அதே கிழங்கை வாங்கி, முற்றத்தில் கரி அடுப்பு மூட்டியோ கேஸ் அடுப்பின் தீயில் நேராகக் காட்டியோ சுடுகிறவர்களுக்குப் பல நேரங்களில் அந்தச் சுவை கிடைப்பதில்லை. தோல் கரியாகிவிடுகிறது, வெட்டிப் பார்த்தால் நடுப்பகுதி வெள்ளையாக, பச்சை வாசத்தோடு நிற்கிறது. கிழங்கு சரியில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்வதும் உண்டு. பெரும்பாலும் தவறு கடைக்காரருடையதல்ல, வேகத்தில்தான் இருக்கிறது.

சர்க்கரைவள்ளியின் இனிப்பில் ஒரு பங்கு மட்டுமே பச்சைக் கிழங்கில் இருக்கிறது. மீதி, சூட்டில்தான் உருவாகிறது. கிழங்கின் உள்ளே இயற்கையாக உள்ள ஒரு நொதி, மாவுச்சத்தை உடைத்து மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. இந்த வேலை ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை சுறுசுறுப்பாக நடக்கும். சூடு அதைத் தாண்டி ஏறியதும் நொதி செயலிழந்துவிடும். ஆகவே கிழங்கின் நடு எவ்வளவு மெதுவாகச் சூடாகிறதோ அவ்வளவு நேரம் இனிப்பு ஊறும். சாம்பலில் இரவு முழுவதும் கிடந்த கிழங்கு தித்தித்ததற்கும், மைக்ரோவேவில் ஐந்து நிமிடத்தில் வெந்த கிழங்கு சப்பென்று இருப்பதற்கும் இதுதான் காரணம்.

நீரிழிவு உள்ளவர்கள் இதையே வேறு கோணத்தில் பார்க்க வேண்டும். சுட்ட கிழங்கு, தண்ணீரில் அவித்த கிழங்கைவிட இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றக்கூடியது. "கிழங்குதானே, சீனி போடவில்லையே" என்று இரண்டு மூன்றாகச் சாப்பிடுவது கூடாது. அவர்களுக்கு அவித்ததே மேல். அதிலும் அளவு வேண்டும்.

கிழங்கு வாங்கும்போது பருமனைப் பார்த்து எடுப்பது முக்கியம். நடுவில் பெருத்து இரு முனையும் கூர்மையாக இருப்பதைவிட, ஒரே சீராக 4 அல்லது 5 சென்டிமீட்டர் பருமனில் நீளமாக இருப்பது சுடுவதற்கு ஏற்றது. எடை 200 கிராம் அளவில் இருக்கட்டும். அரைக் கிலோ எடையுள்ள குண்டுக் கிழங்கு குழம்புக்கும் பொரியலுக்கும் போகட்டும். நிறத்தைப் பொறுத்தவரை, மார்டி நிலையம் வெளியிட்ட விதாத்தோ போன்ற ஆரஞ்சு நிறக் கிழங்கு சுட்டபின் குழைவாக இருக்கும். ஊதாக் கிழங்கு பொதுவாக மாவாக, சற்று உலர்ந்து இருக்கும். அதை வேகவில்லை என்று தவறாக எண்ணிக் கூடுதலாகச் சுட வேண்டாம்.

சிறு ஓட்டைகள் உள்ள கிழங்கைத் தொடவே வேண்டாம். கூன்வண்டு துளைத்த கிழங்கில் ஒருவிதக் கசப்பும் கெட்ட வாடையும் பரவிவிடும். எவ்வளவு சுட்டாலும் அது போகாது, ஓட்டையை மட்டும் வெட்டி எறிந்தாலும் மீதி கசக்கும். வாங்கிய கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் பலர் செய்யும் தவறு. அந்தக் குளிரில் சில நாள் இருந்த கிழங்கின் நடு, பிறகு எத்தனை மணி நேரம் சுட்டாலும் கட்டையாகவே நிற்கும். காற்றோட்டமான, நிழலான இடத்தில் பெட்டியில் போட்டு வைத்தால் போதும். அப்போதே தோண்டிய கிழங்கைவிட, ஒன்றிரண்டு வாரம் அப்படி இருந்த கிழங்கு இனிப்பாகவும் இருக்கும்.

கரிக்கு வருவோம். பேராக், கோல சிபெத்தாங் பகுதியில் மாத்தாங் பக்காவ் மரங்களிலிருந்து சூளையில் எரித்து எடுக்கும் கரி, கனமானது. தட்டினால் கணீரென்று ஒலிக்கும், நின்று எரியும். கிழங்குக்கு அதுபோன்ற கனமான கரியே நல்லது, ஏனென்றால் தணல் ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். பெயிண்டு அடித்த பலகைத் துண்டுகளையோ பழைய பெட்டிக் கட்டைகளையோ சேர்க்கக் கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் அந்த வாடை கிழங்கில் ஏறிவிடும். அடுப்பு திறந்த வெளியில்தான் இருக்க வேண்டும். கரித்தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய சமையலறையிலும் அடுக்குமாடி வீட்டுக்குள்ளும் கரி எரித்தால் உயிருக்கே ஆபத்து. மழை வந்துவிட்டது என்பதற்காக அடுப்பைத் தூக்கி உள்ளே வைக்கவும் கூடாது.

ஒரு மாலை வேலையை எடுத்துக்கொள்வோம். 200 கிராம் அளவில் நான்கு கிழங்குகள், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கரி. ஐந்தரை மணிக்குக் கரியைப் பற்றவைக்கிறோம். இந்த நேரத்தில் கிழங்கைத் தோலோடு நன்றாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, முள்கரண்டியால் மூன்று நான்கு இடத்தில் குத்தி வைக்கலாம். உள்ளே ஆவி அடைபட்டுத் தோல் வெடிக்காமல் இருக்க அது உதவும். ஆறு மணிக்குள் கரி முழுதும் சாம்பல் பூத்திருக்கும். கருப்புத் துண்டுகள் தெரிந்தாலோ தீ நாக்கு எழுந்தாலோ இன்னும் பொறுக்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் தோற்கும் முதல் இடம் இதுதான்.

தணல் தயாரானதும் அதை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். கிழங்கு தணலுக்கு நேர் மேலே அல்ல, மறு பக்கத்தில், கம்பி வலையின் மேல் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் வலைக்கு ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். நிதானமாக ஆறு அல்லது ஏழு எண்ணும்வரை கை தாங்கினால் சூடு சரி. இரண்டு எண்ணுவதற்குள் கையை இழுக்க நேர்ந்தால் அது சத்தே சுடும் சூடு, கிழங்குக்கு ஆகாது. பிறகு ஒரு பழைய அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக் கிழங்கை மூடிவிடுங்கள். சட்டிக்குள் தங்கும் வெப்பம்தான் சாம்பல் புதையலின் வேலையைச் செய்கிறது. மூடாமல் சுட்டால் கீழ்ப்பக்கம் வெந்து மேற்பக்கம் ஆறிக்கொண்டே இருக்கும்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடுக்கியால் கால் சுற்றுத் திருப்புங்கள். தணலை நோக்கிய முனை எப்போதும் அதிகம் சூடாகும், அதனால் இரண்டாவது தடவை திருப்பும்போது தலையும் வாலும் மாற்றி வையுங்கள். ஆறரை மணிக்குத் தணல் தளர்ந்தால், ஓரத்தில் சூடேறிக்கொண்டிருக்கும் நாலைந்து கரித்துண்டுகளை உள்ளே தள்ளினால் போதும். 200 கிராம் கிழங்குக்கு 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் தணலுக்கு நேர் மேலே நகர்த்தி, நிமிடத்துக்கு ஒருமுறை உருட்டினால் தோலில் அந்தச் சுட்ட மணம் ஏறும். நெருப்பு கிழங்கைத் தொட வேண்டிய நேரம் இந்த ஐந்து நிமிடம்தான்.

வெந்ததா என்று பார்க்க முதலில் கண்ணையும் மூக்கையும் நம்பலாம். தோல் சுருங்கித் தசையிலிருந்து விலகத் தொடங்கும். முனைகளிலும் குத்திய இடங்களிலும் பாகு கசிந்து, கருகிய சீனி வாசம் வரும். ஆனால் இவை ஓரம் வெந்ததைத்தான் உறுதியாகச் சொல்கின்றன. நடுவைத் தெரிந்துகொள்ள ஒரு சத்தே குச்சியை, கிழங்கின் மிகப் பருத்த இடத்தில் நடு வரைக்கும் குத்துங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல ஒரே சீராக இறங்கினால் வெந்துவிட்டது. ஓரத்தில் எளிதாகப் போய், நடுவில் லேசாகத் தடுத்து நின்றால் இன்னும் பத்து நிமிடம் தேவை. சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு நடுவில் 95 டிகிரி காட்டுவது கணக்கு. விரலால் அமுக்கிப் பார்ப்பதும் உண்டு, துணி சுற்றிக்கொண்டு அமுக்கினால் நல்லது.

இறக்கியதும் வெட்டிவிட வேண்டாம். வாழையிலையிலோ சுத்தமான துணியிலோ சுற்றி பத்து நிமிடம் வைத்தால், ஓரத்துச் சூடு நடுவுக்குப் போய் ஈரம் சீராகும், தோலும் எளிதாகக் கழன்றுவிடும்.

தோல் கருகி நடு வேகாத கிழங்கு ஏற்கெனவே கையில் இருந்தால் அதைத் தூக்கி எறியத் தேவையில்லை. தணலிலிருந்து தள்ளி வைத்து, சட்டியால் மூடி இன்னும் இருபது நிமிடம் விடலாம். கருகிய தோலை மட்டும் உரித்து ஒதுக்கிவிடுங்கள்.

கரிக்கு இடமில்லாத மாடி வீடுகளில் கேஸ் அடுப்பிலும் இதைச் செய்யலாம், ஆனால் நேர்த் தீயில் அல்ல. கனமான இரும்புத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, எண்ணெய் இல்லாமல் கிழங்கை அடுக்கி, மேலே ஆழமான சட்டியைக் கவிழ்த்து, தீயை மிகக் குறைவாக வைக்கவும். நான்ஸ்டிக் கல் வேண்டாம். ஒரு மணி நேரம் காய்ந்து கிடப்பதற்கு அது செய்யப்பட்டதல்ல. திருப்பும் கணக்கும் குச்சிச் சோதனையும் கரிக்குச் சொன்னவைதான். அடுப்பருகே ஆள் இருக்க வேண்டும். கடைசி ஒரு நிமிடம் இடுக்கியில் பிடித்து நேர்த் தீயில் காட்டினால் புகை மணம் ஓரளவு வரும்.

சோளத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். கிழங்கு இருக்க இருக்க இனிக்கும். சோளமோ ஒடித்த நேரத்திலிருந்து சர்க்கரையை மாவாக மாற்றிக்கொண்டே இருக்கும். கேமரன் மலைச் சாலையோரம் வாங்கிய சோளத்தை அன்றே சுட்டுவிடுவது நல்லது. அதற்கு மெதுவான சூடும் தேவையில்லை. மட்டையையும் நாரையும் உரித்து, காம்பைப் பிடியாக விட்டு, மிதமான கேஸ் தீயின்மேல் கம்பி வலை வைத்து, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கால் சுற்றுத் திருப்பினால் எட்டு முதல் பத்து நிமிடத்தில் வேலை முடியும். மணிகள் டப்பென்று வெடிக்கத் தொடங்கினால் அந்தப் பக்கம் போதும் என்று பொருள், உடனே திருப்புங்கள். நிறம் வெளிர் மஞ்சளிலிருந்து ஆழ்ந்த மஞ்சளாக மாறி, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கரும்புள்ளி விழுந்ததும் இறக்கலாம். வெண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சை எல்லாம் இறக்கிய பிறகுதான். தீயின்மேல் தடவிய வெண்ணெய் சொட்டி, தீ எழுந்து, மணிகளில் கரிப்பூச்சு படிந்துவிடும்.