ஸ்பெயினின் சமய விசாரணை மன்றம்: ஆவணங்கள் சொல்வது என்ன?

அந்தலுஸின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'இன்குவிசிஷன்' எனும் சமய விசாரணை மன்றத்தின் பெயரும் நம்மிடையே அடிபடுகிறது. இலட்சக்கணக்கானோரை அது எரித்தது என்றும், உட்புறம் ஆணிகள் பதித்த இரும்புப் பெட்டிகளில் மனிதர்களை அடைத்துக் கொன்றது என்றும் நாம் படித்திருக்கிறோம். சிலவேளை பிறருக்குச் சொல்லியும் இருக்கிறோம். அந்த ஆணிப் பெட்டியோ பிற்காலக் கற்பனையில் உருவாகி, 19ஆம் நூற்றாண்டில் காட்சிக்கு வைக்கப்பட்ட பொருளாகும். உண்மையில் நடந்தவற்றை அம்மன்றத்தின் எழுத்தர்களே எழுதி வைத்திருக்கும்போது, கட்டுக்கதைகள் நமக்கு எதற்கு?

13ஆம் நூற்றாண்டிலேயே போப்பாண்டவர்கள் ஐரோப்பாவின் பல பகுதிகளில் சமய விசாரணையாளர்களை நியமித்திருந்தனர். ஸ்பெயினின் மன்றம் அவற்றிலிருந்து வேறுபட்டது. 1478இல் போப்பின் அனுமதி பெற்று ஃபெர்டினாண்டும் இஸபெல்லாவும் நிறுவிய இம்மன்றம், அரசரின் பிடியிலேயே இருந்து 1834இல் ஒழிக்கப்பட்டது. சமயத் துரோகக் குற்றத்துக்காக இது விசாரித்தது ஞானஸ்நானம் பெற்றவர்களையே. 1492இல் கிரனாடா சரணடைந்தபோது, முஸ்லிம்கள் தம் மார்க்கத்தில் நீடிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அவ்வாக்குறுதி மீறப்பட்டது. 1502இல் காஸ்டில் நாட்டு முஸ்லிம்களுக்கு ஞானஸ்நானம் அல்லது வெளியேற்றம் என்ற இரண்டே வழிகள் விடப்பட்டன. அச்சத்தால் தலை நனைத்தவர், நனைத்த கணமே மன்றத்தின் அதிகாரத்துக்குள் வந்துவிட்டார். இவர்களே 'மொரிஸ்கோக்கள்' எனப்பட்டனர்.

விசாரணை ஒழுங்கற்ற கும்பல் வன்முறையன்று. எழுதப்பட்ட நடைமுறைப்படி நிகழ்ந்தது. பன்றி இறைச்சியை மறுத்தல், ரமளானில் நோன்பிருத்தல், தொழுகைக்காகக் கழுவுதல் முதலிய அடையாளங்கள் மக்களுக்கு வாசித்துக் காட்டப்பட்டன; கண்டவர் வந்து சொல்ல வேண்டும். கைதானவரின் சொத்து பட்டியலிடப்பட்டு முடக்கப்பட்டது. குற்றம் இன்னதென்று கூறாமலேயே, "மனசாட்சியை ஆராய்ந்து உண்மையைச் சொல்" என மும்முறை எச்சரிப்பர். பின்னரே குற்றப்பத்திரிகை வரும். சாட்சிகளின் பெயர் மறைக்கப்படும். தமக்குப் பகைவர் யார் யார் என்று அவர் பட்டியல் தரலாம். அதில் சாட்சியின் பெயர் இருந்தால் அச்சாட்சியத்தின் மதிப்புக் குறையும். சித்திரவதையும் உண்டு. அப்போதைய மற்ற நீதிமன்றங்களிலும் அது இருந்தது. இங்கே அருகிலிருந்த எழுத்தர் கதறலைக்கூடப் பதிவு செய்தார். வலியில் சொன்ன வாக்குமூலத்தைப் பின்னர் வேறிடத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்பது விதி. மரண தண்டனைக்குரியவரை மன்றம் அரசு அதிகாரிகளிடம் 'ஒப்படைக்கும்', எரித்தது அவர்களே. கையைக் கழுவிக்கொள்ள இது ஒரு சட்டத் தந்திரம்.

வழக்குச் சுருக்கங்கள் மாட்ரிட்டிலிருந்த தலைமைக் குழுவுக்கு அனுப்பப்பட்டன. ஹென்னிங்சன், கொந்த்ரேராஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1540 முதல் 1700 வரையான 44,674 வழக்குகளை அவற்றிலிருந்து எண்ணினர். நேரில் எரிக்கப்பட்டோர் 826 பேர். உருவப் பொம்மையாக எரிக்கப்பட்டோர் 778 பேர். வழக்குகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மொரிஸ்கோக்கள் மீதானவை. இக்கணக்குக்கும் எல்லையுண்டு. யூத வம்சாவளியினர் மிகுதியாகக் கொல்லப்பட்ட முதல் அறுபதாண்டுகள் இதில் இல்லை. சில மன்றங்களின் தாள்களும் தொலைந்துவிட்டன.

எண்ணிக்கை சிறிதென்றால் கொடுமையும் சிறிதா? தேஸா எனும் ஊரில் ரோமான் ராமிரெஸ் என்ற மொரிஸ்கோ வைத்தியர் இருந்தார். வீரக் கதைகளைப் பெரியோர் அவைகளில் நூலின்றியே சொல்லிப் புகழ்பெற்றவர். இத்தகைய நினைவாற்றல் ஷைத்தானோடு செய்த உடன்படிக்கையால்தான் வந்தது என்று குற்றம் சாட்டப்பட்டது. இஸ்லாமிய அனுட்டானமும் உடன் சேர்ந்தது. அவரோ, அத்தியாயங்களையும் பெயர்களையும் நிகழ்ச்சிகளின் வரிசையையும் மட்டுமே மனத்தில் நிறுத்தி, மற்றதைச் சொல்லும்போதே இட்டு நிரப்புவதாக விளக்கினார். அவ்விளக்கம் இன்றும் கோப்பில் உள்ளது. 1599இல் அவர் சிறைக் கைதியாகவே இறந்தார். வழக்கு ஓயவில்லை. 1600இல் டொலேடோவில் அவரது எலும்புகளும் உருவப் பொம்மையும் எரிக்கப்பட்டன.

இத்தகையவரை 'நேரில் எரிக்கப்பட்டோர்' கணக்கில் தேடினால் கிடைக்கமாட்டார். பொம்மைகளின் கணக்கில்தான் கிடைப்பார். அபராதம் கட்டியவர், துடுப்புக் கப்பலில் அடிமையாய் இழுத்தவர், அண்டை வீட்டாரின் வாய்க்கு அஞ்சி நோன்பை மறைத்தவர் ஆகியோர் அதிலும் இல்லை. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் மொரிஸ்கோக்களை நாடு கடத்தியதும் மன்றத்தின் தீர்ப்பன்று. மூன்றாம் ஃபிலிப் அரசரின் ஆணை.

எனவே மிகைப்படுத்துவோர் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதில்லை. ஒரு பொய் எண் அம்பலமானால், உண்மைச் சாட்சியங்களையும் உலகம் சந்தேகிக்கும். நமக்கு அநீதி இழைத்தவர் விஷயத்திலும் சாட்சியம் நேர்மையாக இருக்க வேண்டும் என்பது நாம் கற்ற பாடம். ரோமான் ராமிரெஸின் கோப்பைத் திறந்து வாசித்தாலே போதும். கூட்டிச் சொல்ல எதுவுமில்லை.