சீனியவரைக்காய்ப் பொரியல்
தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டை வட்டாரத்தில் கொத்தவரங்காயைச் சீனியவரைக்காய் என்பார்கள். புடலங்காய் தானே நீர் விடும். நார்க்காயான சீனியவரைக்காய்க்குத் தண்ணீர் ஊற்றியே ஆகவேண்டும். பொடியாக நறுக்கிய கால் கிலோ காயைத் தாளிதத்தில் வதக்கி, அரை டம்ளர் தண்ணீர் தெளித்து, மூடிச் சிறுதீயில் வைத்தால் பன்னிரண்டு நிமிடம் போதும். முற்றல் என்றால் இன்னும் ஐந்து.

ஒரு துண்டை விரலிடையில் நசுக்கினால் விதை பிதுங்கவேண்டும், தோல் கூழாகக்கூடாது. வேகுமுன் நீர் வற்றினால் கைப்பிடி வெந்நீர் தெளிக்கலாம். பச்சைத்தண்ணீர் கொதியைக் கெடுக்கும். வெந்தபின் நீர் நின்றால் வடிக்காதீர்கள், உப்பும் சேர்ந்து போய்விடும். மூடியைத் திறந்து தீயைக் கூட்டினால் இரண்டு நிமிடத்தில் சுண்டும். சட்டியில் சலசலப்பு அடங்கிச் சடசடப்பு கேட்டதும் தேங்காய்ப்பூவைத் தூவி இறக்கவேண்டும்.

கூட்டென்றால், பாசிப்பருப்பைத் தனியே வேகவைத்து, காய் வெந்தபின் சேர்ப்பதே நல்லது.