வர முடியாதவர்களுக்கு ஒரு மஞ்சள் தடவிய கார்டு

செம்பூரில் எங்கள் பெரிய பிள்ளைக்கு ஆண்டு நிறைவு நடந்தது 1970களின் கடைசியில். கும்பகோணம், பாலக்காடு, கல்கத்தா, டில்லி என்று உறவினர்கள் நாலா திசையிலும் இருந்தார்கள். ஒரு வயதுக் குழந்தையின் ஆயுஷ்ய ஹோமத்துக்காக இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்து யாரும் பம்பாய் வரப்போவதில்லை. அது எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் கடிதம் போடாமல் இருக்க முடியுமா? வரப்போகிறவர்களை விட, வரமுடியாதவர்களுக்குப் போகும் கடிதத்துக்குத்தான் என் தகப்பனார் அதிகம் மெனக்கெட்டார். சென்ற மாதம் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது மீந்துபோன கார்டு ஒன்று அகப்பட்டது. நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் வெளுத்துப் பழுப்பாகியிருந்தது.

அதில் இருப்பது ஏழெட்டு வரிதான். வருஷம், மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம், லக்னம். குழந்தையின் சர்ம நாமம். பிறகு, இதையே நேரில் வந்து அழைத்ததாகப் பாவித்து வந்திருந்து ஆசீர்வதிக்க வேணும், தூரத்தில் இருப்பவர்கள் இருந்த இடத்திலிருந்தே அந்த முகூர்த்தத்தில் குழந்தையை ஆசீர்வாதம் பண்ண வேணும் என்று ஒரு விண்ணப்பம். “நேரில் அழைத்ததாகப் பாவித்து” என்பது சும்மா மரியாதைக்கு எழுதுவதல்ல. வெறும் கடுதாசியில் கூப்பிட்டுவிட்டான் என்ற மனஸ்தாபம் பத்து வருஷம் ஓடக்கூடியது என்பது நம் குடும்பங்களில் யாருக்குத் தெரியாது!

இனி தேதிக்கு வருவோம். கடிதம் அவசியமானதே இதனால்தான். பிள்ளை பிறந்தது தை 20, அதாவது பிப்ரவரி 2. ஆண்டு நிறைவு வந்ததோ அடுத்த தை 10 வாக்கில், ஜனவரி நான்காம் வாரத்தில். பிறந்த தேதியைக் குறித்து வைத்திருந்த கல்கத்தா சித்தப்பா, “பத்து நாள் முன்னாடியே எப்படி?” என்று கேட்டு எழுதினார்.

கணக்கு சுலபம்தான். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் சுற்றிவர ஏறக்குறைய 27 நாள் 8 மணி ஆகிறது. பதின்மூன்று சுற்று முடிந்தால் 355 நாள். வருஷத்துக்குப் பத்து நாள் குறைவு. பதினான்கு சுற்று என்றால் 382 நாளுக்குக் கொஞ்சம் மேல். வருஷம் தாண்டிப் பதினேழு நாள். ஆகவே முதல் ஜன்ம நட்சத்திரம் இங்கிலீஷ் தேதிக்குச் சுமார் பத்து நாள் முன்னால் வரும், இல்லாவிட்டால் பதினேழு நாள் பின்னால் வரும். அதே தேதியில் மட்டும் வரவே வராது. எது நமக்கு என்பதை மாதம் தீர்மானிக்கிறது. தை 20-ல் பிறந்தவனுக்குப் பத்து நாள் முன்னால் போனாலும் தை மாதத்துக்குள்தான் நிற்கிறது. தை 5-ல் பிறந்திருந்தால் மார்கழிக்குள் போய்விடும். அப்போது பதினேழு நாள் தள்ளி, தை 22-ஐ ஒட்டித்தான் கொண்டாட வேண்டும். தை 12-ல் பிறந்த குழந்தைதான் சங்கடம்: தை 2-லும் நட்சத்திரம் இருக்கும், 29-லும் இருக்கும். ஒரே மாதத்தில் இரண்டு தடவை வந்தால் பின்னதை எடுப்பது பெரும்பாலான வீடுகளில் வழக்கம். பாலக்காட்டு உறவுகள் தையை மகரம் என்பார்கள். தேதி ஒன்று முன்பின் போனாலும் நட்சத்திரம் அதேதான். இதெல்லாம் தெரிந்த வாத்தியாரிடம் நாள் கேட்டுக்கொள்ளாமல் கார்டு அச்சடித்து, பிறகு பேனாவால் திருத்தி அனுப்பியவர்களையும் செம்பூரில் பார்த்திருக்கிறேன்.

மூன்று வாரம் முன்னதாகத் தபாலில் சேர்த்தோம். அச்சடித்த கார்டை உறையை ஒட்டாமல் புக் போஸ்டில் அனுப்பினால் அப்போது தபால் செலவு குறைவாக இருந்தது. நான் அங்கேதான் தப்பு செய்தேன். விலாசமெல்லாம் எழுதி முடித்த சுறுசுறுப்பில் ஏழெட்டு உறைகளை நன்றாக ஒட்டிவிட்டேன். ஒட்டினால் அது கடிதக் கணக்கு. போதாத தபால் தலைக்கு, குறைந்த தொகையைப் போல் இரண்டு மடங்கு வாங்குகிறவரிடம் வசூலிப்பார்கள். ஆசீர்வாதம் கேட்டு அனுப்பிய கார்டுக்குப் பெரியவர்கள் கைக்காசு கொடுத்து வாங்கினார்கள். கும்பகோணத்து அத்தை மட்டும் அதைப் பதில் கடிதத்தில் ஒரு வரி குறிப்பிட்டிருந்தாள். அப்பா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

பதில்கள் மூன்று விதமாக வந்தன. முதலாவது வாழ்த்துத் தந்தி. தந்தி இலாகா வாழ்த்து வாசகங்களுக்கு எண் கொடுத்து வைத்திருந்தது. அனுப்புகிறவர் எண்ணை எழுதினால் போதும், போய்ச் சேரும் இடத்தில் முழு வாசகம் வரும். பிறந்த நாளுக்கு 5, புதுக் குழந்தை பிறந்ததற்கு 6, நீண்ட இனிய மணவாழ்க்கைக்கு 8. ஆண்டு நிறைவுக்கென்று தனி எண் இல்லாததால் எல்லோரும் ஐந்தைத்தான் போட்டார்கள். எங்களுக்கு வந்த ஒன்று எட்டாகிவிட்டது. ஒரு வயதுப் பிள்ளைக்கு மணவாழ்க்கை சிறக்க வாழ்த்து! தப்பு எந்த ஊரில் நேர்ந்ததோ, அதை இன்னும் சிரித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வாழ்த்துத் தந்திக்குப் படம் போட்ட தனித்தாளும் உறையும் உண்டு. தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று பதறிய தலைமுறைக்கு, பிரிப்பதற்கு முன்பே மனசு நிம்மதி அடைய அது உதவியது. 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோயிற்று.

இரண்டாவது மணியார்டர். பதினொன்று, இருபத்தொன்று என்று ஒற்றைப்படையில் வரும். பாரத்தின் அடியில் நாம் கிழித்து வைத்துக்கொள்ளும் துண்டில் நாலு வரி எழுத இடம் இருக்கும். ஆசீர்வாதம் அந்த நாலு வரிக்குள் அடங்கியாக வேண்டும். இந்தத் துண்டுகளை அப்பா வாத்தியாரிடம் கொடுத்துவிட்டார். ஹோமம் முடிந்து ஓதியிடும்போது, எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் பெயரோடு டில்லி மாமாவின் பெயரையும் கல்கத்தா சித்தப்பாவின் பெயரையும் வாத்தியார் உரக்கச் சொல்லி அட்சதை போட்டார். அந்த இரண்டு நிமிஷம் அவர்கள் எங்கள் ஹாலில்தான் இருந்தார்கள்.

மூன்றாவது சாதாரணக் கடிதம். அத்தை எழுதியது அப்படித்தான். அவளுக்குக் குழந்தை இல்லை. “முகூர்த்த நேரத்துக்கு ஸ்நானம் பண்ணி, சுவாமி விளக்கேற்றி, கிழக்கே பார்த்து அட்சதை போட்டேன், அவன் தலையில் விழுந்ததா?” என்று கேட்டிருந்தாள். கும்பகோணத்திலிருந்து பம்பாய் வடமேற்கே இருக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொல்லி, அப்பாவிடம் மறுபடியும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஹோமம் ஆனதும் நாங்கள் பதிலுக்கு அனுப்பியது ரக்ஷை. ஹோம குண்டத்துக் கரியை நெய்யில் குழைத்து நெற்றியில் இடுவது. நெய் உறையில் ஊறி விலாசம் அழிந்துவிடும் என்பதால் வாழைச்சருகில் மடித்து, அதற்கு மேல் காகிதம் சுற்றி, இந்தத் தடவை முழுத் தபால் தலை ஒட்டி, உறையையும் ஒட்டி அனுப்பினேன்.

இப்போது என் பேத்திக்கு ஆண்டு நிறைவு வருகிறது. நியூஜெர்சியில் இருக்கும் அவள் அத்தைக்குச் செய்தி வாட்ஸ்அப்பில் போகும். மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு ஹோமம். அவளுக்கு அப்போது சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. செய்தியில் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். கைபேசியில் மஞ்சள் தடவ வழியில்லை. ஆகவே பெட்டியில் கிடைத்த அந்தப் பழைய கார்டின் படத்தை மேலே வைத்து அனுப்பலாம் என்கிறான், அதற்குரிய பெரிய பிள்ளை.