முதல் வாரத்தில் வரும் காய்ச்சல்: இரட்டை இலக்கு ஆன்டிபாடி சிகிச்சையில் சைட்டோகைன் எதிர்வினை ஏற்படுவது ஏன்?

எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்களைத் தாக்கும் மல்டிபிள் மைலோமா புற்றுநோய், பல மருந்துகளுக்குப் பிறகும் திரும்பி வரும் நிலையில் தரப்படும் சிகிச்சைகளில் ஒன்று இரட்டை இலக்கு ஆன்டிபாடி. இந்த ஊசியைத் தொடங்கும் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு முதல் சில நாள்களில் காய்ச்சல் வருகிறது. அது ஏன் வருகிறது, எப்போது ஆபத்தாகிறது என்பதைக் காண்போம்.

இரண்டு கைகள் கொண்ட மருந்து

வழக்கமான ஆன்டிபாடியின் இரு முனைகளும் ஒரே இலக்கையே பற்றும். இரட்டை இலக்கு ஆன்டிபாடியின் முனைகள் வெவ்வேறானவை. அமெரிக்காவில் 2022 அக்டோபரில் அனுமதி பெற்ற டெக்லிஸ்டமாப் மருந்தின் ஒரு முனை, மைலோமா செல்லின் மேற்பரப்பில் உள்ள பிசிஎம்ஏ என்ற புரதத்தைப் பற்றுகிறது. மறுமுனை, நோய் எதிர்ப்பு டி செல்லில் உள்ள சிடி3 புரதத்தைப் பற்றுகிறது. லிம்போமாவுக்கான குளோபிட்டமாப், எப்கோரிட்டமாப் ஆகியவை பிசிஎம்ஏ-வுக்குப் பதிலாக சிடி20 புரதத்தை இலக்காகக் கொள்கின்றன.

இவ்வாறு அருகே இழுக்கப்படும் டி செல், புற்றுநோய் செல்லைத் தானாக அடையாளம் காண வேண்டிய தேவை இல்லாமலேயே அதைத் துளைத்து அழிக்கிறது.

காய்ச்சலின் காரணம்

தூண்டப்பட்ட டி செல்கள் சைட்டோகைன்கள் எனப்படும் சமிக்ஞைப் புரதங்களை வெளியிடுகின்றன. அவை மேக்ரோஃபேஜ் உள்ளிட்ட பிற செல்களைத் தூண்ட, அச்செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தைப் பெருமளவில் சுரக்கின்றன. காய்ச்சல், ரத்த அழுத்தக் குறைவு, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைதல் ஆகியவற்றுக்கு இப்புரதம் முக்கியக் காரணம்.

டி செல்கள் முதன்முறை தூண்டப்படும்போதே சைட்டோகைன் வெளியீடு அதிகமாக இருக்கிறது. பின்னர் அது குறைந்தாலும், புற்றுநோய் செல்லை அழிக்கும் திறன் தொடர்கிறது. இதனால்தான் மருந்து சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாக உயர்த்தப்படுகிறது.

60 கிலோ எடையுள்ளவருக்கு எவ்வளவு?

டெக்லிஸ்டமாப் தோலுக்கு அடியில் ஊசியாகச் செலுத்தப்படுகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 0.06 மில்லிகிராம், அடுத்து 0.3 மில்லிகிராம், பின்னர் முழு அளவான 1.5 மில்லிகிராம் என மூன்று படிகள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முதல் நாளில் 3.6 மில்லிகிராமும், நான்காம் நாளில் 18 மில்லிகிராமும், ஏழாம் நாளில் 90 மில்லிகிராமும் தரப்படும். ஒவ்வொரு ஊசிக்கும் முன்பாக டெக்ஸாமெத்தசோன், பாராசிட்டமால், ஒவ்வாமைத் தடுப்பு மருந்து ஆகியவை கொடுக்கப்படும். ஒவ்வொரு படிக்குப் பிறகும் 48 மணி நேரம் மருத்துவமனையில் கண்காணிப்பு அவசியம்.

இவருக்கு இரண்டாவது ஊசிக்கு மறுநாள் 101 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வருவதாகக் கொள்வோம். ரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் இயல்பாக இருந்தால், அது முதல் நிலை எதிர்வினை. ரத்த அழுத்தம் குறைந்து, அழுத்தத்தை உயர்த்தும் மருந்து தேவைப்படாத வரையிலோ, மூக்குக் குழாய் வழியாகக் குறைந்த அளவு ஆக்சிஜன் போதுமானதாக இருக்கும் வரையிலோ இரண்டாம் நிலை. அழுத்தத்தை உயர்த்தும் மருந்தோ, அதிக அளவு ஆக்சிஜனோ தேவைப்பட்டால் மூன்றாம் நிலை. செயற்கைச் சுவாசம் தேவைப்படுவது நான்காம் நிலை.

எதிர்வினை நீடித்தாலோ, தீவிரமடைந்தாலோ டோசிலிசுமாப் மருந்து கிலோவுக்கு 8 மில்லிகிராம் வீதம், அதாவது இவருக்கு 480 மில்லிகிராம், நரம்பு வழியாக ஏற்றப்படும். இது இன்டர்லூக்கின்-6 செயல்படும் வழியை அடைக்கிறது. எதிர்வினை முழுமையாகத் தணிந்த பிறகே மூன்றாவது ஊசி போடப்படும்.

ஆய்வு காட்டியது

165 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான மெஜஸ்டெக்-1 ஆய்வில், 63 சதவீதத்தினரிடம் புற்றுநோய் கட்டுப்பட்டது. 72 சதவீதத்தினருக்குச் சைட்டோகைன் எதிர்வினை ஏற்பட்டது. எனினும் மூன்றாம் நிலையை எட்டியவர் ஒருவர் மட்டுமே. நான்காம் நிலை எவருக்கும் ஏற்படவில்லை. எதிர்வினை பொதுவாக ஊசிக்கு இரண்டு நாள்களுக்குப் பிறகு தொடங்கி, இரண்டு நாள்கள் நீடித்தது.

ஏமாற்றும் அறிகுறி

இதே காய்ச்சல் நோய்த்தொற்றாலும் வரலாம். மைலோமா நோயாளிகளுக்கு நோய் எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே குறைந்திருக்கும்; அதே ஆய்வில் நான்கில் மூன்று பேருக்குத் தொற்று ஏற்பட்டது. எனவே காய்ச்சல் வந்தவுடன் ரத்தக் கல்ச்சர் பரிசோதனை செய்யப்படுகிறது. தேவையெனில் முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக் தொடங்கப்படுகிறது.

டோசிலிசுமாப் கொடுத்த பிறகு மற்றொரு சிக்கல் எழுகிறது. அது காய்ச்சலைத் தணிப்பதுடன், அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவையும் குறைத்துவிடும். ஆகவே இவை இயல்பாக இருப்பதை மட்டும் வைத்துத் தொற்று இல்லை என முடிவு செய்ய இயலாது. நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் எடுத்துக்கொண்டு காத்திருப்பது சரியல்ல. இந்த மருந்தின் பெயரையும் கடைசி ஊசி போட்ட தேதியையும் தெரிவித்து, உடனடியாகச் சிகிச்சைக் குழுவைத் தொடர்புகொள்ள வேண்டும்.