விலைப்புள்ளியில் வரியைக் காட்டும் முறை

விற்பவர் தம் பொருளின் விலையையும் நிபந்தனைகளையும் எழுதி, வாங்கக்கூடியவருக்கு முன்கூட்டி அனுப்பும் தாள் விலைப்புள்ளி. பேச்சுவழக்கில் இதைக் கொட்டேஷன் என்பார்கள். இந்தியாவில் 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) நடப்பில் இருப்பதால், வணிகர்களுக்குப் போகும் விலைப்புள்ளியில் வரியைச் சேர்த்து எழுதுவதா, தனியே எழுதுவதா என்ற கேள்வி எழுகிறது. கடையில் வாங்கும் நுகர்வோருக்கு இந்தக் கேள்வி இல்லை. பொட்டலத்தில் அச்சிடப்படும் அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியதாகத்தான் இருக்க வேண்டும். தொழில் நிறுவனங்களுக்குத் தரும் விலைப்புள்ளிக்கு இப்படிப்பட்ட கட்டாயம் இல்லாததால் ஆளுக்கொரு வழக்கம் நிலவுகிறது. வரிக்கு முந்தைய விலை, வரி, கொடுக்க வேண்டிய மொத்தம் என்ற மூன்றையும் தனித்தனியே காட்டும் விலைப்புள்ளியே குழப்பம் தராது. இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் எழுதினால், மற்ற இரண்டையும் வாங்குபவர் தாமாக ஊகிக்க வேண்டியிருக்கும்.

வரிக்கு முந்தைய விலை, மொத்தம் என்ற இரண்டு தொகைகளும் தேவைப்படுவதற்குக் காரணம் உள்ளீட்டு வரி வரவு. பதிவுபெற்ற வணிகர் தம் தொழிலுக்காக வாங்கும் பொருளுக்குக் கொடுத்த ஜிஎஸ்டியை, தாம் விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறார். ஆகவே அவருக்கு உண்மையான செலவு வரிக்கு முந்தைய விலைதான். எல்லாருக்கும் இந்த வசதி கிடைப்பதில்லை. மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால், மருத்துவமனை தன் சிகிச்சைப் பணிக்கு வாங்கும் பொருளின் வரியைக் கழிக்க முடியாது. அங்கே முழுத் தொகையுமே செலவு. ஒரே விலைப்புள்ளியை இவ்விருவரும் வெவ்வேறு கண்ணோடு படிக்கிறார்கள்.

18 விழுக்காடு வரியுள்ள இரும்பு அலமாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு விற்பனையாளர் 10,000 ரூபாயும் வரி 1,800 ரூபாயும் கேட்கிறார். இன்னொருவர் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு வணிகர். அவர் வாங்குபவரிடம் வரி வசூலிக்கக் கூடாது. வரி பில்லுக்குப் பதில் வழங்கல் பில்தான் தர வேண்டும். அவர் கேட்பது 10,800 ரூபாய். மொத்தத்தை மட்டும் பார்த்தால் 11,800க்கு எதிரே 10,800 மலிவு. மருத்துவமனைக்கு அது உண்மையும்கூட. ஆனால் வரவு எடுக்கக்கூடிய தொழிற்சாலைக்கு முதலாமவரின் செலவு 10,000, இரண்டாமவரின் செலவு 10,800. யார் மலிவு என்ற விடையே வாங்குபவருக்கு ஏற்ப மாறுகிறது. முதலாமவரின் தாளில் அடிப்படை விலையும் வரியும் பிரிந்து நின்றால், காம்போசிஷன் வணிகரின் தாளில் வரி வரவு கிடைக்காது என்ற குறிப்பும் இருந்தால், வாங்குபவர் தம் கணக்கைத் தாமே போட்டுக்கொள்வார்.

எதையும் சொல்லாமல் ஒற்றை எண்ணை எழுதுவதுதான் இதில் மிகப் பெரிய பிழை. விற்பவர் ‘விலை 10,000’ என்று எழுதி, வரி தனி என்று மனத்தில் வைத்திருக்கிறார். வாங்குபவர் அதை எல்லாம் உள்ளடங்கிய விலையாக எடுத்துக்கொண்டு ஆர்டர் கொடுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு முறியாமலிருக்க விற்பவர் இறங்கிவந்தால், வரியைத் தம் பணத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். வரி உள்ளடங்கிய தொகையை வரி விகிதத்தால் பெருக்கி, நூறுடன் அந்த விகிதத்தைக் கூட்டி வந்த எண்ணால் வகுக்க வேண்டும் என்பது விதி. அதன்படி 10,000ஐ 18ஆல் பெருக்கி 118ஆல் வகுத்தால் வரி 1,525.42 ரூபாய், கையில் நிற்பது 8,474.58 ரூபாய். இருபது அலமாரிகளுக்கு இழப்பு முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. பலர் இங்கே 10,000இல் 18 விழுக்காட்டைக் கழித்து 8,200 என்று எழுதிவிடுகிறார்கள். 8,200க்கு 18 விழுக்காடு சேர்த்துப் பார்த்தால் 9,676தான் வருகிறது. பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

வண்டிவாடகையிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. பொருளை அனுப்புவதற்காக விற்பவர் வாங்கும் கட்டணம் பொதுவாகப் பொருளின் மதிப்போடு சேர்ந்து, அந்தப் பொருளின் விகிதத்திலேயே வரிக்கு உட்படுகிறது. இருபது அலமாரிகளின் விலை 2,00,000, வாடகை 6,000 என்றால் வரி 2,06,000க்குக் கணக்கிடப்பட்டு 37,080 ஆகிறது. மொத்தம் 2,43,080 ரூபாய். விலைப்புள்ளியின் கீழே ‘வாடகை 6,000 தனி’ என்று மட்டும் எழுதியிருந்தால், வாங்குபவர் பொருளுக்கு மட்டும் வரி கூட்டி 2,42,000 என்று எதிர்பார்த்திருப்பார். பில் வந்ததும் 1,080 ரூபாய் இடிக்கும். ஆகவே வாடகை, பேக்கிங் போன்றவற்றையும் வரி வரிசைக்கு மேலேயே எழுதுவது நல்லது.

பணம் கட்டுபவருக்கு வேண்டியது கடைசித் தொகைதான், மற்றவை அவரைக் குழப்பும் என்று ஒரு வாதம் உண்டு. இதில் பாதி உண்மை. வரவு உடனே கையில் வருவதில்லை. விற்பவர் தம் கணக்கைத் தாக்கல் செய்து, அது வாங்குபவரின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் தெரிந்த பிறகே எடுக்க முடியும். அதுவரை 2,43,080 ரூபாயும் அவர் கையிலிருந்துதான் போகிறது. அதனால்தான் மொத்தம் கட்டாயம் வேண்டும். ஆனால் இந்த வாதம் அடிப்படை விலையை மறைப்பதற்குக் காரணமாகாது. வரி இல்லாத விலையை முன்னிறுத்துவது விலையைச் சிறிதாகக் காட்டும் தந்திரம் என்பது இன்னொரு குறை. மொத்தத்தைப் பொடி எழுத்தில் ஒளித்தால் அது சரியான குறைதான். அதே அளவு எழுத்தில் அதே பக்கத்தில் கொடுத்தால் அந்தக் குறைக்கு இடமில்லை.

விகிதம் மாறும்போது பிரித்து எழுதியதன் பயன் தெளிவாகத் தெரிகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. மூட்டை 300 ரூபாய், வரி 84, மொத்தம் 384 என்று இருந்த ஒரு விலையை எண்ணிப் பார்க்கலாம். ‘வரி உட்பட 384’ என்று மட்டும் ஒத்துக்கொண்டு, மாற்றத்துக்குப் பிறகும் அதே தொகையை விற்பவர் கேட்டால், அதில் அடிப்படை விலை 325.42 ஆக ஏறிவிடுகிறது. வரவு எடுக்கும் வாங்குபவருக்கு, வரி குறைந்தும் செலவு 25 ரூபாய்க்கு மேல் கூடிவிட்டது. ‘300, வரி தனி’ என்று இருந்திருந்தால் மொத்தம் 354 ஆகத் தானே இறங்கியிருக்கும். ஆகவே விலைப்புள்ளியில் அடிப்படை விலையை நிலையாக வைத்து, வரி பொருள் வழங்கும்போது பொருந்தும் விகிதப்படி என்று ஒரு குறிப்பு எழுதுவது இருவருக்கும் பாதுகாப்பு.

விலைப்புள்ளியின் அமைப்பு இதிலிருந்து தானே அமைகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் வரி இல்லாத விலையும் வரி விகிதமும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். ஒரே தாளில் 5 விழுக்காட்டுப் பொருளும் 18 விழுக்காட்டுப் பொருளும் கலந்திருந்தால் இது இன்னும் தேவை. அடுத்து வாடகையும் பிற கட்டணங்களும், அதன்பின் வரித்தொகை. தமிழ்நாட்டு விற்பனையாளர் தமிழ்நாட்டுக்குள் சரக்கை ஒப்படைத்தால் 18 விழுக்காடு மத்திய வரி 9, மாநில வரி 9 என்று பிரியும். கேரளத்துக்கு அனுப்பினால் ஒருங்கிணைந்த வரி 18 என்று ஒன்றாக வரும். மொத்தச் சுமை இரண்டிலும் ஒன்றே. கடைசியில் கொடுக்க வேண்டிய தொகை. இந்தத் தாளின் எண்கள் பின்னால் வரும் பில்லோடு வரிசைக்கு வரிசை பொருந்துகின்றனவா என்று பார்த்தாலே, விலைப்புள்ளி ஒழுங்காக எழுதப்பட்டதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.