அரபுத் தமிழும் ளாத் என்னும் எழுத்தும்

செங்கற்பட்டிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையில் திண்டிவனத்துக்கு வடக்கே இருக்கிற நம் ஒலக்கூர் வட்டாரத்தில், நோன்பு மாதத்தின் பெயரை இரண்டு விதமாக உச்சரிக்கக் கேட்கலாம். உருது பேசும் இஸ்லாமியக் குடும்பத்தார் ‘ரம்ஜான்’ என்பார்கள். தமிழே வீட்டுமொழியாக உள்ளவர்கள் ‘ரமளான்’ என்பார்கள். கட்டாயக் கடமையை முன்னவர் ‘பர்ஜ்’ என்றும் பின்னவர் ‘ஃபர்ளு’ என்றும், தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் சடங்கை ஒருவர் ‘வுஜு’ என்றும் மற்றவர் ‘உளூ’ என்றும் வழங்குவது இவ்விதமே. இச்சொற்கள் அனைத்திலும் அரபு லிபியில் நிற்பது ஓரெழுத்துத்தான். பாரசீகத்தின் வழியே அதைப் பெற்றவர்கள் அதை ஸகரத்துக்கும் ஜகரத்துக்கும் அருகான ஒலியாக்கிக்கொண்டார்கள். தமிழர்களோ ளகரமாகக் கேட்டு, அவ்வெழுத்தின் பெயரையே ‘ளாத்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். அரபு லிபியைக் கொண்டு தமிழை எழுதிய அரபுத் தமிழ் என்னும் முறையின் உட்பொருளை விளங்கிக்கொள்ள இந்த ஓரெழுத்தைக் காட்டிலும் நல்ல வாயில் எனக்குத் தெரியவில்லை.

அர்வி என்றும் பெயர் பெற்ற இம்முறை செழித்தது காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலுமாகும். திருக்குர்ஆனை ஓதுவதற்காகச் சிறு பிராயத்திலேயே அரபு எழுத்தைக் கற்றுக்கொண்ட ஆண்களும் பெண்களும், தமிழ் நெடுங்கணக்கைத் தனியே கற்க வாய்ப்பில்லாதபோதும், தாம் பேசும் மொழியிலேயே மார்க்க விஷயங்களைப் படித்தறிவதற்கு அது துணை செய்தது. 1816 முதல் 1898 வரை வாழ்ந்தவரும், ‘மாப்பிள்ளை லெப்பை ஆலிம்’ என்று மக்கள் அன்போடு அழைத்தவருமாகிய கீழக்கரை செய்யிது முகம்மது ஆலிம் அவர்கள் இயற்றிய ‘மகானி’, ‘பத்ஹுத் தய்யான்’ போன்ற நூல்கள் இவ்வெழுத்திலேயே வீடுகளுக்குள் சென்றன.

அரபு மொழியின் எழுத்துக்கள் இருபத்தெட்டு. அவற்றில் பகரம் இல்லை, டகர, ணகரங்கள் இல்லை, றகரம் இல்லை, ஙகர, ஞகரங்கள் இல்லை, நமக்கே உரிய ழகரமும் இல்லை. இக்குறையை நீக்கப் புதிய வடிவங்கள் எவற்றையும் அம்முன்னோர் வரையவில்லை. இல்லாத ஒலிக்கு வாயினுள் எந்த அரபு ஒலி அண்டை வீடோ, அதன் வடிவத்தை எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் அடியிலே புள்ளி வைத்தார்கள். மேலே ஒரு புள்ளியுள்ள ஃபாவின் கீழே இன்னொரு புள்ளி வைக்க அது பகரமாயிற்று. தாலின் கீழே புள்ளி வைக்க டகரமும், நூனின் கீழே புள்ளி வைக்க ணகரமும், ரகரத்துக்குரிய ராவின் கீழே புள்ளி வைக்க றகரமும் பிறந்தன. ஐனின் அடியில் மூன்று புள்ளி சேர்ந்து ஙகரமானது. மலாய் மக்கள் தங்கள் ஜாவி எழுத்தில் ஙகரத்துக்கு இதே ஐனைத்தான் எடுத்தார்கள். ஆனால் மூன்று புள்ளிகளையும் மேலே வைத்தார்கள். உருதுக்காரர்களோ டகரத்துக்குத் தாலின் தலைமேல் சிறிய ‘தோய்’ எழுத்தை ஏற்றினார்கள். தமிழர் கீழ்ப்புள்ளியையே பெரிதும் நாடியதற்குக் காரணம், அரபு எழுத்துக்களுள் பலவற்றின் புள்ளி மேலே அமைந்திருப்பதால், வேதம் ஓதிப் பழகிய கண் மேற்பகுதியை வழக்கம்போலக் கண்டுகொண்டு, தமிழுக்கென்று ஏற்பட்ட விசேஷத்தைக் கீழே தேடிக்கொள்ளட்டும் என்ற எண்ணமாகவே இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ழகர ளகர ஒலிகளுக்கு அண்டை வீடாக அவர்கள் கண்டது ளாத். அதன் கீழே புள்ளியிட்டுத் தமிழ் ஒலியை எழுதினார்கள். இன்றைய அரபு நாடுகளில் அவ்வெழுத்தைக் கனத்த தகரம்போல ஒலிக்கக் கேட்கும் ஒருவர், இது பொருந்தாத தேர்வு என்று நினைத்துவிடக்கூடும். ஆனால் எட்டாம் நூற்றாண்டில் அரபு இலக்கணம் வகுத்த சீபவைஹி, நாவின் பக்க விளிம்பும் அதை அடுத்த கடைவாய்ப் பற்களும் சேருமிடத்தில் ளாத் பிறப்பதாகச் சொல்லுகிறார். நம் தொல்காப்பியர் பிறப்பியலில், நாவின் விளிம்பு தடித்துப் பல்லின் அடியைச் சார, அண்ணத்தை ஒற்றுவதால் லகரமும் வருடுவதால் ளகரமும் தோன்றும் என்று விதிக்கிறார். ஒருவரையொருவர் அறியாத இரு இலக்கணப் பேராசிரியர்களும் நாவின் விளிம்பையே சுட்டுவதைக் காணும்போது, கடற்கரைத் தமிழரின் செவி பழைய அரபு உச்சாரணத்தைச் செவ்வனே பிடித்திருந்தது என்று துணிந்து சொல்லலாம். இதற்கு வெளிநாட்டுச் சான்றுகளும் உண்டு. நீதிபதியைக் குறிக்கும் ‘அல்காளி’ என்ற அரபுச் சொல் ஸ்பெயின் தேசத்தில் ‘அல்கால்தே’ என்று லகரம் பெற்று ஊர்த்தலைவரின் பட்டமாயிற்று. சம்மதத்தைக் குறிக்கும் ‘ரிளா’ மலாயில் ‘ரெலா’ ஆயிற்று.

எழுத்துக்களைவிட உயிர்க்குறிகளில் இடர்ப்பாடு அதிகம். அரபில் அகர, இகர, உகரங்களுக்கே குறிகள் உண்டு. எகர ஒகரங்களுக்கு இல்லை. உகரக் குறியாகிய ளம்மைத் தலைகீழாகத் திருப்பி எழுத்தின் மேலே இட்டு ஒகரத்தையும், அதையே எழுத்தின் கீழே இட்டு எகரத்தையும் உண்டாக்கினார்கள். ‘பொழுது’ என்னும் சொல்லை எழுதிப் பார்ப்போம். வலப்புறத்தில் தொடங்கி, கீழ்ப்புள்ளி பெற்ற ஃபாவை எழுதித் தலைகீழ் ளம்மை மேலே வைத்தால் ‘பொ’. அடுத்து, கீழ்ப்புள்ளி பெற்ற ளாதுக்கு நேரான ளம்மை வைத்தால் ‘ழு’. பின்பு தாவுக்கும் ளம்மு வைத்தால் ‘து’. ‘போ’ என்று நெடிலாக்கவேண்டுமானால் வாவ் ஒன்று கூட வரும். முதற்குறியைத் திருப்பாமல் விட்டுவிட்டால் ‘பொழுது’ என்பது ‘புழுது’ ஆகிவிடும்.

ஆகையால் இவ்வகை ஏடுகளைப் படிப்பவர் முதலில் கவனிக்கவேண்டியது எழுதியவரின் கைப்பழக்கமே. கீழ்ப்புள்ளி ஒன்று தவறினால் ‘பால்’ என்பது ‘ஃபால்’ ஆகும். அதுவோ குறி பார்த்தலைக் குறிக்கும் வேறு சொல். ‘கண்’ ‘கன்’ ஆகும். ‘மறை’ ‘மரை’ ஆகும். ‘வடை’ ‘வதை’ ஆகும். ஒரு பக்கத்தில் ஓரிரு இடங்களில் இப்படி நேர்ந்தால் அதைக் கைத்தவறு என்று கொள்ளலாம். பக்கம் முழுவதும் றகரத்தின் இடத்தில் வெறும் ராவே இருக்குமானால், அவ்வாசிரியரின் பேச்சில் ரகர றகரங்கள் ஒன்றாகிவிட்டன என்று ஐயுறவேண்டும். இக்கூடுதல் எழுத்துக்களுக்கு அச்சு வார்ப்புக் கிடைப்பது அரிதாயிருந்தமையால் இந்நூல்களுள் பல கல்லச்சில் வெளிவந்தன. அதாவது, எழுத்தர் மையால் எழுதியதே அச்சாகக் கல்லில் பதிந்தது. எனவே அச்சுப்புத்தகமாயினும் அதில் நாம் காண்பது ஒரு மனிதரின் கையெழுத்தே.

இன்னொரு பயனும் இதிலுண்டு. நம் நெடுங்கணக்கில் ஒரே ககரம் ‘காலை’ என்பதிலும் ‘தங்கம்’ என்பதிலும் நிற்கிறது, ஒலியோ வேறு. அரபுத் தமிழில் முதலதற்குக் காஃபும், பின்னதற்குக் கீழ்ப்புள்ளி பெற்ற காஃபும் உண்டு. இந்த வேற்றுமையைத் தவறாமல் காத்து எழுதிய ஓர் ஏடு கிடைக்குமாயின், அவ்வூரார் அக்காலத்தில் எந்தச் சொல்லில் எவ்வொலியை வழங்கினார்கள் என்பதைத் தமிழ் எழுத்தில் அமைந்த எந்தச் சுவடியும் சொல்லாத அளவு தெளிவாக அது சொல்லும். பழைய வீடுகளின் பரண்களில் வலமிருந்து இடமாக எழுதப்பட்ட புத்தகங்கள் இருக்குமாயின், அரபு நூல் என்று கருதி ஒதுக்கிவிடாமல், ஃபாவின் அடியிலும் ளாதின் அடியிலும் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால், உள்ளே இருப்பது தமிழ்.