சமப் புள்ளி பெற்ற அணிகளை வரிசைப்படுத்தும் விதிகள்: கோல் சராசரி, கோல் வித்தியாசம், நேருக்கு நேர் முடிவு

லீக் முறையில் நடக்கும் போட்டிகளில் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் மோதுகிறது. கால்பந்தில் இன்று வெற்றிக்கு 3 புள்ளிகளும் சமநிலைக்கு 1 புள்ளியும் வழங்கப்படுகின்றன. எல்லா ஆட்டங்களும் முடிந்தபின் இரண்டு அணிகள் ஒரே புள்ளிகளில் நின்றால் யாரை மேலே வைப்பது என்ற கேள்வி எழும். இதற்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றில் மூன்று முக்கியமானவை: கோல் சராசரி, கோல் வித்தியாசம், நேருக்கு நேர் முடிவு. ஒரே பட்டியலில் இந்த மூன்றும் ஒரே விடையைத் தரவேண்டும் என்பதில்லை. 2019ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் முடிவான ஐ-லீக் பட்டத்தைக் கொண்டு இதைத் தெளிவாகக் காணலாம்.

கோல் சராசரி

1888இல் 12 அணிகளுடன் இங்கிலாந்தில் தொடங்கிய ஃபுட்பால் லீக்தான் உலகின் முதல் கால்பந்து லீக். சமப் புள்ளி பெற்ற அணிகளைப் பிரிக்க அது கோல் சராசரியைப் பயன்படுத்தியது. ஓர் அணி அடித்த கோல்களை அது வாங்கிய கோல்களால் வகுத்தால் கிடைப்பதே கோல் சராசரி.

இந்த விதியின் புகழ்பெற்ற தீர்ப்பு 1923-24 பருவத்தில் வந்தது. கடைசி நாளான 1924 மே 3 அன்று கார்டிஃப் சிட்டி ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. பர்மிங்காமுக்கு எதிரான அதன் ஆட்டம் கோலின்றிச் சமநிலையில் முடிந்தது. அந்த ஆட்டத்தில் கிடைத்த பெனால்டி வாய்ப்பையும் கார்டிஃப் தவறவிட்டது. அதே நாளில் ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் 3-0 என்று வென்றது. அக்காலத்தில் வெற்றிக்கு 2 புள்ளிகளே என்பதால் இரு அணிகளும் 57 புள்ளிகளில் நின்றன.

ஹடர்ஸ்ஃபீல்டு 60 கோல் அடித்து 33 வாங்கியிருந்தது. 60ஐ 33ஆல் வகுத்தால் 1.818. கார்டிஃப் 61 கோல் அடித்து 34 வாங்கியிருந்தது. 61ஐ 34ஆல் வகுத்தால் 1.794. ஏறத்தாழ 0.024 என்ற இடைவெளியில் பட்டம் ஹடர்ஸ்ஃபீல்டுக்குச் சென்றது. வகுப்பதற்குப் பதிலாகக் கழித்துப் பார்த்தால் இரு அணிகளுக்குமே கிடைப்பது 27. அதன் பிறகு அதிகக் கோல் அடித்த அணி எது என்று பார்த்திருந்தால் கார்டிஃப் வென்றிருக்கும்.

கோல் வித்தியாசம்

வகுத்தல் முறையில் ஒரு குறை உண்டு. 10 கோல் அடித்து 2 கோல் வாங்கிய அணிக்குச் சராசரி 5. 40 கோல் அடித்து 10 கோல் வாங்கிய அணிக்குச் சராசரி 4. இரண்டாவது அணி நான்கு மடங்கு கோல் அடித்திருந்தும் பின்தங்குகிறது. வகுக்கும் எண் சிறியதாக இருந்தால் விடை பெரிதாகும் என்பதால், கோல் அடிப்பதைவிடக் கோல் வாங்காமல் தடுத்து ஆடுவதே அதிக லாபம் தந்தது.

அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழிக்கும் கோல் வித்தியாச முறையில் இந்தச் சாய்வு இல்லை. அடிக்கும் ஒரு கோலுக்கும் தடுக்கும் ஒரு கோலுக்கும் ஒரே மதிப்பு. கணக்கிடுவதும் எளிது. 1970 உலகக் கோப்பையில் இம்முறை பயன்பட்டது. இங்கிலாந்து லீக் 1976-77 பருவத்தில் கோல் சராசரியைக் கைவிட்டு இதற்கு மாறியது.

நேருக்கு நேர் முடிவு

கோல் வித்தியாசத்தின் மீதும் ஒரு கேள்வி எழுப்பப்படுகிறது. பட்டியலின் கடைசியில் கிடக்கும் பலவீனமான அணியை 7-0 என்று வென்றது, பட்டத்துக்குப் போட்டியிடும் அணியைவிட மேலானது என்பதற்குச் சான்றாகுமா? இதற்கு மாற்றாக, சமப் புள்ளி பெற்ற அணிகள் தமக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுத்துப் பார்ப்பதே நேருக்கு நேர் முறை. ஸ்பெயின், இத்தாலி லீக்குகள் இம்முறையைப் பின்பற்றி வந்துள்ளன. இந்தியாவின் ஐ-லீக்கும் 2018-19 பருவத்தில் இதையே முதல் அளவுகோலாகக் கொண்டிருந்தது.

கோயம்புத்தூர், 2019 மார்ச் 9

அந்தப் பருவத்தில் சென்னை சிட்டி அணி தன் சொந்த மைதான ஆட்டங்களைக் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் ஆடியது. 19 ஆட்டங்கள் முடிந்தபோது சென்னை சிட்டி 40 புள்ளிகளும் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளிகளும் பெற்றிருந்தன. கடைசி நாளில் சென்னை சிட்டி கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபையும், ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவையும் ஒரே நேரத்தில் எதிர்கொண்டன.

இரண்டு ஆட்டங்களுக்கும் வெற்றி, சமநிலை, தோல்வி என மூன்று முடிவுகள் வீதம் மொத்தம் ஒன்பது சேர்க்கைகள் உண்டு. சென்னை சிட்டி வென்றால் மற்ற ஆட்டத்தைப் பார்க்கவே தேவையில்லை. அது வெல்லாமல் ஈஸ்ட் பெங்கால் வென்றால் பட்டம் கொல்கத்தாவுக்கு. ஒன்பதில் ஒரே ஒரு சேர்க்கையில்தான் புள்ளிகள் சமமாகும்: சென்னை சிட்டி தோற்று, ஈஸ்ட் பெங்கால் சமநிலை கண்டால் இரண்டுக்கும் 40.

முதல் பாதியின் முடிவில் நிலைமை சரியாக அந்தச் சேர்க்கையில் வந்து நின்றது. கோயம்புத்தூரில் மினர்வா தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்து 1-0 என்று முன்னிலை பெற்றிருந்தது. கோழிக்கோட்டில் கோல் ஏதும் விழவில்லை. அந்த நிமிடத்தில் ஆட்டங்கள் நின்றிருந்தால் பட்டம் யாருக்கு என்பதை விதியே முடிவு செய்திருக்கும். மூன்று அளவுகோல்களையும் அந்த நிலையில் பொருத்திப் பார்க்கலாம்.

முதலில், நடைமுறையில் இருந்த நேருக்கு நேர் விதி. அந்தப் பருவத்தில் சென்னை சிட்டி கொல்கத்தாவில் 2-1 என்றும், கோயம்புத்தூரில் 2-1 என்றும் ஈஸ்ட் பெங்காலை இருமுறை வென்றிருந்தது. தமக்குள் ஆடிய ஆட்டங்களில் 6 புள்ளிகளுக்கு 0. எனவே பட்டம் சென்னை சிட்டிக்கு.

அடுத்து கோல் வித்தியாசம். அந்த நிலையில் சென்னை சிட்டி 45 கோல் அடித்து 28 வாங்கியிருந்தது, வித்தியாசம் 17. ஈஸ்ட் பெங்கால் 35 அடித்து 19 வாங்கியிருந்தது, வித்தியாசம் 16. இதன்படியும் சென்னை சிட்டியே முதலிடம். ஆனால் இடைவெளி ஒரே ஒரு கோல். மினர்வா மேலும் இரண்டு கோல் அடித்திருந்தால் சென்னை சிட்டியின் வித்தியாசம் 15ஆகக் குறைந்து, முதலிடம் ஈஸ்ட் பெங்காலுக்கு மாறியிருக்கும். நேருக்கு நேர் விதியிலோ 3-0 என்று தோற்றாலும் முடிவு மாறாது.

கடைசியாக, பழைய கோல் சராசரி. 45ஐ 28ஆல் வகுத்தால் 1.607. 35ஐ 19ஆல் வகுத்தால் 1.842. இதன்படி ஈஸ்ட் பெங்காலே சாம்பியன். பத்து கோல் அதிகம் அடித்த அணி, ஒன்பது கோல் அதிகம் வாங்கியதற்காகப் பட்டத்தை இழந்திருக்கும்.

இரண்டாம் பாதியில் நிலைமை மாறியது. சென்னை சிட்டி பெனால்டி மூலம் பெட்ரோ மான்ஸி அடித்த கோலால் சமன் செய்தது. பிறகு தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடிக்க, 3-1 என்று வென்றது. ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு 2-1 என்று வென்றது. 43 புள்ளிகளுக்கு 42 என்ற கணக்கில் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. இறுதியில் சமநிலை விதி தேவைப்படவில்லை. ஆயினும் இடைவேளையின்போது சென்னை சிட்டியின் முதலிடம், முந்தைய நவம்பரிலும் ஜனவரியிலும் பெற்ற அந்த இரு வெற்றிகளின் மீதே நின்றிருந்தது.

நேருக்கு நேர் முறையின் வரம்பு

மூன்று அணிகள் சமமாக நின்றால், அந்த மூன்றும் தமக்குள் ஆடிய ஆட்டங்களைக் கொண்டு ஒரு சிறு பட்டியல் தயாரிக்கப்படும். 2004 ஐரோப்பியக் கோப்பையில் இது சர்ச்சைக்கு உள்ளானது. ஒரே பிரிவில் இருந்த இத்தாலி, சுவீடன், டென்மார்க் மூன்றும் பல்கேரியாவை வென்றன. தமக்குள் ஆடிய ஆட்டங்களைச் சமநிலையில் முடித்தன. மூன்றுக்கும் 5 புள்ளிகள். சிறு பட்டியலிலும் புள்ளிகள் சமம், கோல் வித்தியாசமும் சுழியம். ஆகவே தமக்குள் அடித்த கோல்கள் எண்ணப்பட்டன.

இத்தாலி டென்மார்க்குடன் 0-0, சுவீடனுடன் 1-1 என்று ஆடியிருந்ததால் அதன் கணக்கில் ஒரே கோல். சுவீடனும் டென்மார்க்கும் கடைசி ஆட்டத்தில் 2-2 அல்லது அதற்கு மேற்பட்ட சமநிலை கண்டால் இரண்டும் முன்னேறும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஆட்டம் 2-2 என்றே முடிந்து இத்தாலி வெளியேறியது. இத்தாலி அன்று பல்கேரியாவை 2-1க்குப் பதில் 6-1 என்று வென்றிருந்தாலும் பயனில்லை. அந்தக் கோல்கள் சிறு பட்டியலில் சேராது. கோல் வித்தியாச விதி இருந்திருந்தால் அதே 6-1 இத்தாலியை முன்னேற்றியிருக்கும்.

கோல்களும் சமமானால்

எல்லாக் கணக்கும் சமமாக நிற்கும் நிலையும் வருவதுண்டு. 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் தலா 4 புள்ளிகள் பெற்றன. இரண்டும் 4 கோல் அடித்து 4 கோல் வாங்கியிருந்தன. தமக்குள் ஆடிய ஆட்டமும் 2-2. எனவே நன்னடத்தைக் கணக்குக்குச் செல்ல வேண்டியதாயிற்று. மஞ்சள் அட்டை ஜப்பானுக்கு 4, செனகலுக்கு 6. ஜப்பான் முன்னேறியது. அதுவும் சமமாக இருந்திருந்தால் குலுக்கல்தான்.

கிரிக்கெட்டில் இதன் வடிவம்

சேலம் மாவட்டம் வாழப்பாடியில் உள்ள கிரிக்கெட் மைதானத்தில் டி.என்.பி.எல். ஆட்டங்களைக் காண்போருக்கு இதே சிக்கல் நெட் ரன் ரேட் என்ற பெயரில் பழக்கமானது. அணி ஓர் ஓவருக்கு எடுத்த சராசரி ரன்னிலிருந்து, எதிரணிகளுக்கு ஓர் ஓவருக்குக் கொடுத்த சராசரி ரன்னைக் கழிப்பதே அது. ஆகவே இதில் வகுத்தலும் உண்டு, கழித்தலும் உண்டு.

2024 மே 18 அன்று பெங்களூரு அணி 218 ரன் எடுத்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் தோற்றாலும் 201 ரன்னை எட்டினால் நெட் ரன் ரேட்டில் முன்னேறியிருக்கும், எடுத்தது 191. இரு அணிகளும் 14 புள்ளிகள் பெற, பெங்களூரு அடுத்த சுற்றுக்குச் சென்றது. அந்தப் பருவத்தில் இரு அணிகளும் ஒன்றையொன்று ஒருமுறை வென்றிருந்ததால், அங்கே வெற்றி எண்ணிக்கையை மட்டும் கொண்ட நேருக்கு நேர் விதி இருந்திருந்தால் விடையே கிடைத்திருக்காது.